ஒரே ஆஸ்பத்திரி பில், இரண்டு மெடிக்ளெயிம்: முதல் பாலிசி வெட்டியதை இரண்டாவதில் வாங்குவது எப்படி

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. பெங்களூரு பழைய ஏர்போர்ட் ரோடு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தோம். டிஸ்சார்ஜ் அன்று மாலை இன்சூரன்ஸ் டெஸ்கில் இருந்த பெண் பில்லை என் பக்கம் திருப்பி வைத்தார். மொத்தம் 4,90,000 ரூபாய். என் ஆபீஸ் பாலிசி அனுமதித்தது 3,12,300. மீதி 1,77,700 ரூபாயை நாங்கள் கட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம்.

"அம்மா பேரில் தனியாக இன்னொரு பாலிசி இருக்கிறதே, மீதியை அதில் போட முடியாதா?" என்று கேட்டேன்.

"ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு அப்ரூவல்தான் சார். அதோட உங்க ஆபீஸ் பாலிசியில இன்னும் காசு மிச்சம் இருக்கு. அது தீர்ந்தாதான் அடுத்த பாலிசியைத் தொடலாம்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் முதல் பாதி ஓரளவு நடைமுறை. ஒரே பில்லுக்கு இரண்டு கம்பெனியிடமும் கேஷ்லெஸ் வாங்கித் தர பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் மெனக்கெடுவதில்லை. இரண்டாவது பாதி தப்பு. முதல் பாலிசியில் பணம் மிச்சம் இருந்தாலும், அது வெட்டிய தொகையை இரண்டாவது பாலிசியில் கேட்க நமக்கு உரிமை உண்டு. இது பலருக்குத் தெரியாது. அல்சூரில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டார் இந்த மாதிரி லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, இரண்டாவது பாலிசியைத் தொடாமலே விட்டிருக்கிறார்கள்.

உரிமை எங்கே எழுதியிருக்கிறது

உங்கள் பாலிசி புத்தகத்தின் பொது நிபந்தனைகளில் 'மல்டிபிள் பாலிசீஸ்' என்ற தலைப்பில் ஒரு பகுதி இருக்கும். 2020-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. சாரம் இதுதான்: எந்த பாலிசியில் கிளெயிம் செய்வது என்பது உங்கள் விருப்பம். நீங்கள் தேர்ந்தெடுத்த கம்பெனி தன் நிபந்தனைப்படி தர வேண்டியதைத் தந்தே ஆக வேண்டும். பில், பாலிசித் தொகையைத் தாண்டினால் மீதியை எந்தக் கம்பெனியிடம் கேட்பது என்பதும் உங்கள் விருப்பம். ஒரு பாலிசியில் மறுக்கப்பட்ட தொகையை, பாலிசித் தொகை தீராவிட்டாலும், இன்னொன்றில் கேட்கலாம். அந்த இரண்டாவது கம்பெனி தன் சொந்த நிபந்தனைகளின்படி தனியாக முடிவு செய்ய வேண்டும்.

ஒரு காலத்தில் இரண்டு கம்பெனிகளும் பாலிசித் தொகையின் விகிதப்படி ஒரே பில்லைப் பங்கு போட்டுக்கொள்ளும். 5 லட்சம், 3 லட்சம் என்று இரண்டு பாலிசி இருந்தால் 5-க்கு 3 என்று பிரிப்பார்கள். இதற்குத்தான் கான்ட்ரிப்யூஷன் என்று பெயர். ஆன செலவை ஈடுகட்டும் இன்றைய பாலிசிகளில் அந்தப் பங்கீட்டை நம் தலையில் கட்ட முடியாது. யாராவது இன்னும் அந்தக் கணக்கைச் சொன்னால், பழைய ஞாபகத்தில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எல்லையும் உண்டு. இரண்டு பாலிசியிலும் சேர்த்து, செலவானதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வராது. ஒரே ரசீதை இரண்டு பக்கமும் முழுத்தொகைக்கு நீட்டுவது மோசடி. 'ஒரு நாளைக்கு இவ்வளவு' என்று தரும் ஹாஸ்பிட்டல் கேஷ் பாலிசி மட்டும் வேறு ஜாதி. அது பில்லைப் பார்த்து வருவதில்லை என்பதால், மற்ற பாலிசிகள் எவ்வளவு கொடுத்தாலும் அது தனியாக வரும்.

எதை முதலில் போடுவது

இந்த ஒரு முடிவில்தான் பாதி வேலை இருக்கிறது. எங்கள் இரண்டு பாலிசிகளும் இப்படி. ஆபீஸ் குரூப் பாலிசியில் அம்மாவுக்கு 5 லட்சம். ஆனால் ரூம் வாடகை நாளுக்கு 5,000 வரைதான், பெற்றோர் கிளெயிமில் 10 சதவீதம் கோ-பே, அதாவது அந்தப் பங்கை நாமே ஏற்க வேண்டும். அம்மாவின் சொந்த பாலிசி 3 லட்சம்தான். ரூம் வாடகை வரம்பும் கிடையாது, கோ-பேயும் கிடையாது. மூட்டு மாற்றுக்கான காத்திருப்புக் காலமும் தாண்டிவிட்டது.

கெடுபிடியான பாலிசியை முதலில் போட்டு, தாராளமானதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. கெடுபிடியானது எதை வெட்டினாலும், பின்னால் வரும் தாராளமான பாலிசியில் அதற்கு இடம் இருக்கும். மாற்றிப் போட்டால், சொந்த பாலிசியின் 3 லட்சம் முதலில் தீர்ந்துபோகும். மீதி 1,90,000 கெடுபிடியான குரூப் பாலிசிக்குப் போகும். அங்கே ரூம் வாடகை வெட்டும் கோ-பேயும் அந்த மீதியின் மேல் விழும் ஆபத்து இருக்கிறது. அப்படி வெட்டியதை ஏந்திக்கொள்ள மூன்றாவது பாலிசி நம்மிடம் இல்லை.

இதற்கு விதிவிலக்கு உண்டு. தாராளமான பாலிசியே மொத்த பில்லையும் தாங்கும் அளவுக்குப் பெரியது என்றால், ஒரே கிளெயிமாக அதிலேயே முடித்துவிடலாம், அலைச்சல் மிச்சம். அதே போல, முதல் பாலிசி வெட்டியது ஐந்தாயிரம், பத்தாயிரம் என்றால் சொந்த பாலிசியைத் தொடாதீர்கள். கிளெயிம் செய்தால் சேர்ந்த போனஸைக் குறைக்கும் பாலிசிகளில், சின்னத் தொகை வாங்கினாலும் போனஸ் குறையும்.

அட்மிட் ஆகும் முன்

திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் முதல் கம்பெனிக்கு ஆஸ்பத்திரியே கேஷ்லெஸ் கேட்டு எழுதும். இரண்டாவது கம்பெனிக்குத் தகவல் சொல்வது நம் வேலை, அதைத்தான் பலர் மறப்பார்கள். 'எல்லாம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்' என்று விட்டால், 'அட்மிஷன் பற்றி ஏன் தெரிவிக்கவில்லை' என்ற கேள்வி பின்னால் வரும். பாலிசி எண், நோயாளி பெயர், ஆஸ்பத்திரி, தேதி, என்ன சிகிச்சை இவற்றோடு ஒரு வரி சேர்த்து மெயில் அனுப்புங்கள்: 'இதற்கு வேறு பாலிசியில் கேஷ்லெஸ் எடுக்கிறோம், மீதித் தொகைக்கு உங்களிடம் ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்போம்.' அவர்கள் தரும் இன்டிமேஷன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிளெயிம் படிவத்தின் ஏ பகுதியில், வேறு மெடிக்ளெயிம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி இருக்கும். இரண்டு கம்பெனியின் படிவத்திலும் 'ஆம்' என்று எழுதி மற்ற பாலிசியின் விவரத்தைக் கொடுங்கள். மறைத்தால் லாபம் எதுவும் இல்லை. பின்னால் தெரியவந்தால், உண்மையை மறைத்ததாகச் சொல்லி நல்ல கிளெயிமையும் நிறுத்த வழி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

டிஸ்சார்ஜ் அன்று கையில் வாங்க வேண்டியவை

கேஷ்லெஸ் என்றால் ஒரிஜினல் பில்லும் ரிப்போர்ட்டும், முதல் கம்பெனிக்காகக் கிளெயிமைக் கையாளும் ஏஜென்சியான டிபிஏவுக்குப் போய்விடும். அதனால் ஆஸ்பத்திரியை விட்டு இறங்கும் முன்பே இரண்டாவது கிளெயிமுக்காக ஒரு முழு செட் நகல் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஆஸ்பத்திரி சீல் போட்டு வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஃபைனல் பில், அதன் ஐட்டம் வாரியான விவரம், மருந்து பில்கள், டெஸ்ட் ரிப்போர்ட்டுகள், இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய தாளும் அதன் இன்வாய்ஸும், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் 'மெடிக்கல் ரெகார்ட்ஸில் மனு கொடுங்கள்' என்பார்கள், அது பத்து நாள் வேலை.

நீங்கள் கட்டிய தொகைக்கான ரசீது மட்டும் ஒரிஜினலாக உங்களிடமே இருக்கட்டும். எங்கள் விஷயத்தில் 1,77,700-க்கான ரசீது. இரண்டாவது கிளெயிமுக்கு உயிர் அதுதான். 'பேலன்ஸ் ரிசீவ்ட்' என்று மட்டும் போடாமல் ஃபைனல் பில் எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளெயிம் படிவத்தின் பி பகுதியை ஆஸ்பத்திரிதான் நிரப்பித் தர வேண்டும். முதல் கம்பெனிக்கு நிரப்பும்போதே இரண்டாவது கம்பெனியின் படிவத்தையும் நீட்டிவிடுங்கள்.

வெட்டு எப்படி விழுந்தது

எங்கள் பில்லின் பிரிவு இது. ரூம் வாடகை நாளுக்கு 10,000 வீதம் 5 நாளுக்கு 50,000. டாக்டர்கள், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 2,00,000. இரண்டு முழங்காலுக்கும் இம்ப்ளான்ட் 1,50,000. மருந்தும் அறுவை சிகிச்சைப் பொருட்களும் 52,000. டெஸ்டுகள் 20,000. கையுறை, மாஸ்க், அட்மிஷன் கட்டணம் போன்ற மருத்துவம் சாராத சாமான்கள் 18,000.

குரூப் பாலிசியின் ரூம் வரம்பு 5,000, நாங்கள் எடுத்ததோ 10,000 ரூம். அதாவது பாதி. அதனால் ரூம் வாடகையில் பாதியான 25,000 போனது. அதோடு நிற்காது. ரூமின் தரத்தைப் பொறுத்து ஏறும் டாக்டர் கட்டணம், தியேட்டர் போன்றவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள், அதில் 1,00,000 போனது. ரூம் விஷயத்தில் 25,000-தானே கூட என்று நினைத்துத் தனி அறை எடுத்தது நான்தான். அதன் உண்மையான விலை ஒன்றேகால் லட்சம் என்று அப்புறம்தான் புரிந்தது.

ஆனால் மருந்து, அறுவை சிகிச்சைப் பொருட்கள், இம்ப்ளான்ட், டெஸ்ட் இவற்றில் இந்த விகித வெட்டு போடக் கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டணத்திலும் கூடாது. உங்கள் செட்டில்மென்ட் லெட்டரில் இம்ப்ளான்ட் தொகை குறைந்திருந்தால், இரண்டாவது பாலிசிக்குப் போகும் முன் முதல் கம்பெனியிடமே சண்டை போடுங்கள்.

சரி, மருத்துவம் சாராத 18,000-ஐயும் கழித்தால் அனுமதிக்கப்பட்டது 3,47,000. அதில் 10 சதவீத கோ-பே 34,700 போக, கொடுத்தது 3,12,300. வெட்டிய நான்கையும் கூட்டினால் 25,000, 1,00,000, 18,000, 34,700. சரியாக 1,77,700 வருகிறது. பாலிசித் தொகை 5 லட்சத்தில் 1,87,700 அப்படியே இருக்கிறது. டெஸ்கில் இருந்தவர் சொன்ன 'மிச்சம்' இதுதான். இந்த வெட்டுகளுக்கும் அந்த மிச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது கிளெயிமை அனுப்புவது

முதல் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பிய பிறகு ஒரு செட்டில்மென்ட் லெட்டர் போடும். இரண்டாவது கம்பெனி முதலில் தேடும் காகிதம் அதுதான். நான் இங்கேதான் மூன்று வாரம் இழந்தேன். டிபிஏ அனுப்பிய லெட்டரில் 'கழிவு 1,77,700, பாலிசி நிபந்தனைப்படி' என்று ஒரே வரி. அதை வைத்து அனுப்பினேன். 'எந்தத் தலைப்பில் எவ்வளவு, என்ன காரணம்' என்று குவெரி வந்தது. டிபிஏவுக்கு நான்கு மெயில், இரண்டு போன், கடைசியில் ஆபீஸ் எச்ஆர் மூலமாகச் சொல்லித்தான் ஐட்டம் வாரியான கழிவுப் பட்டியல் வந்தது. நீங்கள் முதல் நாளே அதைக் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு கழிவுக்கு எதிரிலும் 'ரூம் வரம்பு', 'விகித வெட்டு', 'கோ-பே', 'மருத்துவம் சாராதது' என்று காரணம் இருக்க வேண்டும்.

அடுத்த குவெரி எல்லோருக்கும் வருவது: 'ஒரிஜினல் பில்லை அனுப்பவும்.' பதறாதீர்கள். ஒரிஜினல்கள் முதல் கம்பெனியிடம் இருக்கின்றன என்று எழுதி, சீல் வைத்த நகல்களையும் செட்டில்மென்ட் லெட்டரையும் இணைத்தால் போதும். பிடிவாதம் பிடித்தால், முதல் கம்பெனி அல்லது டிபிஏவிடமே சான்றிட்ட நகல் வாங்கிக் கொடுக்கலாம்.

கவரிங் லெட்டர் ஒரு பக்கம் போதும். மொத்த பில், முதல் கம்பெனி கொடுத்தது, நான் கட்டியது, இப்போது கேட்பது என்று நான்கு எண்களை மேலே எழுதுங்கள். கீழே 'உங்கள் பாலிசியின் மல்டிபிள் பாலிசீஸ் நிபந்தனைப்படி, வேறு பாலிசியில் மறுக்கப்பட்ட தொகைக்காக இந்தக் கிளெயிம்' என்று ஒரு வரி. அதோடு படிவம், ரசீது, கேன்சல் செய்த செக், அடையாளச் சான்று. பல பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆகி 15 அல்லது 30 நாளுக்குள் கோப்பு போய்ச் சேர வேண்டும். செட்டில்மென்ட் லெட்டர் தாமதமானால், அது வரட்டும் என்று காத்திருக்காமல் இருப்பதை அனுப்பிவிட்டு, 'முதல் கம்பெனியின் லெட்டர் வந்ததும் அனுப்புகிறோம்' என்று எழுதுங்கள்.

இரண்டாவது கம்பெனி எப்படிக் கணக்குப் போடும்? தன் நிபந்தனையில் அடங்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அம்மாவின் பாலிசியில் ரூம் வரம்பு இல்லாததால் 25,000-மும் 1,00,000-மும் முழுசாக வந்தன. கோ-பே 34,700-ம் வந்தது, ஏனென்றால் கோ-பே என்பது குரூப் பாலிசியின் நிபந்தனை, இவர்களுடையது அல்ல. மருத்துவம் சாராத 18,000 இங்கேயும் கிடையாது. ஆக 1,59,700 வந்தது, கைக்காசு 18,000-தோடு நின்றது.

இரண்டாவது பாலிசியிலும் கோ-பே இருந்தால் சிக்கல். சில கம்பெனிகள் மொத்த பில்லையும் தங்கள் நிபந்தனையில் போட்டுப் பார்த்து, அந்தத் தொகை வரை மீதியைக் கொடுக்கும். சில, மீதியின் மேலேயே இன்னொரு முறை கோ-பே கழிக்கும். 20 சதவீதம் என்றால் எங்கள் 1,59,700, இரண்டாவது வழியில் 1,27,760 ஆகியிருக்கும். எந்த வழியில் கணக்குப் போட்டார்கள், பாலிசியின் எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் கேளுங்கள்.

கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளுமா

2024 மே 29 அன்று ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுகாதாரக் காப்பீட்டு மாஸ்டர் சர்க்குலர் இதில் ஒரு கடமையை வைத்திருக்கிறது. நீங்கள் முதலில் தேர்ந்தெடுக்கும் கம்பெனி பிரைமரி இன்ஷூரர். அனுமதிக்கத்தக்க தொகைக்கு அந்த பாலிசியில் போதிய பணம் இல்லை என்றால், மற்ற பாலிசி விவரங்களைக் கேட்டு வாங்கி, மீதி கிடைக்க மற்ற கம்பெனிகளோடு அவர்களே ஒருங்கிணைக்க வேண்டும். இதை எழுத்தில் கேட்டு வைத்துவிடுங்கள்.

இதைக் கவனமாகப் படியுங்கள். பாலிசித் தொகை போதாத நிலைமைக்குத்தான் இந்த ஏற்பாடு. குரூப் பாலிசி 2 லட்சமாக இருந்து அது தீர்ந்திருந்தால், ஒரு மெயிலில் 'மீதிக்கு இன்ன பாலிசியோடு ஒருங்கிணைக்கவும்' என்று பிரைமரி கம்பெனியைக் கேட்டிருக்கலாம். எங்களைப் போல் பணம் மிச்சம் இருந்து, நிபந்தனையால் வெட்டு விழுந்தால், கோப்பைத் தூக்கிக்கொண்டு நாமேதான் போக வேண்டும். தொகை தீர்ந்த வழக்கிலும் நான் மெயிலை மட்டும் நம்பி உட்கார மாட்டேன், நகல் செட்டை எப்படியும் எடுத்து வைப்பேன்.

'முதல் பாலிசி தீரட்டும்' என்று மறுத்தால்

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னதற்கு மதிப்பில்லை. பாலிசியின் மல்டிபிள் பாலிசீஸ் நிபந்தனையை மேற்கோள் காட்டி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். கூடவே bimabharosa.irdai.gov.in தளத்திலும் பதிந்துவிடலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உண்டு. கம்பெனியின் இறுதி மறுப்பிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டும். பெங்களூருவாசிகளுக்கு அலுவலகம் ஜே.பி. நகரில் இருக்கிறது, cioins.co.in தளத்தில் ஆன்லைனிலும் போடலாம்.

டிஸ்சார்ஜுக்கு முன்னும் பின்னும் ஆன செலவு

இங்கேயும் இரண்டு பாலிசி உதவும். எங்கள் குரூப் பாலிசி அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் செலவைத் தரும். அம்மாவின் பாலிசி முந்தைய 60, பிந்தைய 90. அறுவை சிகிச்சைக்கு 45 நாள் முன்பு எடுத்த எக்ஸ்ரேயும் டாக்டர் கன்சல்டேஷனும் குரூப்பில் வராது, சொந்த பாலிசியில் வந்தன. வீட்டுக்கு வந்து செய்த பிசியோதெரபி 60 நாள் வரை குரூப்புக்கு, அதற்கப்புறம் 90 வரை அம்மாவின் பாலிசிக்கு. பிசியோதெரபிஸ்ட் மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே பில் போட்டிருந்தார். அதை வாரவாரியாக, தேதியோடு பிரித்து எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். ஆர்த்தோ டாக்டரின் பரிந்துரைச் சீட்டு ஒவ்வொரு செட்டோடும் போக வேண்டும், அந்தச் சீட்டில் எத்தனை வாரம் என்று எழுதச் சொல்ல மறந்து நான் இன்னொரு முறை ஓபி வரிசையில் நின்றேன்.